சொந்த நிலத்தில் வீடு: வரைபடம் ‘லுலுஸ்’ ஆன பிறகுதான் உண்மையான பரிசோதனை

“நிலம் என் பேர்ல இருக்கு. வரியும் ஒழுங்கா கட்டுறேன். அப்புறம் என் வீட்டை எங்க கட்டணும்னு மன்றம் எதுக்குச் சொல்லணும்?”

விதி மீறிக் கட்டிய ஒரு வீட்டை ஊராட்சி மன்றம் இடிக்கும் படம் ஃபேஸ்புக்கில் வரும்போதெல்லாம், அதற்குக் கீழே இந்தக் கேள்வியும் வந்துவிடும். கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. மன்றத்து அதிகாரி வந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார், தப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார், எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் நிலைமை அப்படி இல்லை. உங்கள் வீடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி எழும்புகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது மன்றம் அல்ல. நீங்கள் பணம் கொடுத்து அமர்த்தும் ஒரு நிபுணர்தான் அதைச் செய்கிறார். 2007-இல் வந்த இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் செட்பேக், வரைபடம், கட்டம்கட்டமான சோதனை என்ற மூன்றும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பது விளங்கும். எந்த இடத்தில் சங்கிலி அறுகிறது என்பதும் தெரியும்.

(சபா, சரவாக்கில் கட்டடச் சட்டங்களும் குடிபுகும் அனுமதியும் தனி. இங்கே சொல்வது தீபகற்பத்துக்கு மட்டும்.)

முதலில் நிலம்

வரைபடம் போடும் முன்பு நிலப்பட்டாவை எடுத்துப் படியுங்கள். யார் பெயர் என்பதைத் தாண்டி அதில் இன்னொரு வரி இருக்கும்: நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. மலாயில் ‘ஷாராட் ஞாத்தா’ என்பார்கள். அதில் குடியிருப்புக் கட்டடம் என்று இருந்தால் பிரச்சினை இல்லை. விவசாயம் என்று இருந்தால், சுற்றிலும் வீடுகளே இருந்தாலும் நில அலுவலகத்தில் முதலில் நிபந்தனையை மாற்ற வேண்டும். அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். தாத்தா காலத்து நிலத்தைப் பங்கு பிரித்து வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் முதல் முறையாக நின்றுபோகின்றன.

அடுத்தது ஆள். வரைபடத்தை நீங்களே மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பதிவுபெற்ற கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது கட்டட வரைவாளர் ஒருவர்தான் சமர்ப்பிக்க வேண்டும். அவரைச் சுருக்கமாக ‘பிஎஸ்பி’ என்பார்கள், அதாவது வரைபடத்தைச் சமர்ப்பிக்கும் முதன்மை நிபுணர். இந்த மூன்று பேரில் கட்டட வரைவாளருக்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டு மாடிக்கு மேற்படாத, மொத்தத் தளப்பரப்பு 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்தைத்தான் அவர் சமர்ப்பிக்கலாம். சாதாரணக் குடும்ப வீட்டுக்கு அது போதும்.

‘வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன்’ என்று குத்தகையாளரே முன்வருவதும் உண்டு. அப்படியானால் அதில் யாருடைய கையெழுத்து இருக்கப்போகிறது, அந்த ஆள் கட்டுமான இடத்துக்கு வருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே போனால் தெரியும்.

செட்பேக்: 4,000 சதுர அடியில் உங்களுக்கு எவ்வளவு?

செட்பேக் என்பது எல்லைக்கோட்டிலிருந்து உங்கள் சுவர் வரை விட வேண்டிய இடைவெளி. நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. நிலம் எந்த மாநிலத்தில், எந்த மன்றத்தில் இருக்கிறது, அது வரிசை வீடா, செமி-டியா, தனி பங்களாவா, முன்னால் இருக்கும் சாலை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் நிலத்துக்கான எண்ணை மன்றத்தின் கட்டடப் பிரிவில்தான் கேட்க வேண்டும்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் 50 அடி அகலம், 80 அடி நீளமுள்ள ஒரு பங்களா லோட் இருக்கிறது. மொத்தம் 4,000 சதுர அடி. மன்றம் கேட்பது முன்னால் 20 அடி, பின்னால் 10 அடி, இரண்டு பக்கமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 50-இல் 20 போனால் 30. நீளத்தில் 80-இல் 30 போனால் 50. ஆகத் தரைத்தளத்தில் கட்டக்கூடியது 30க்கு 50, அதாவது 1,500 சதுர அடி.

நாலாயிரம் அடி வாங்கியவருக்கு ஆயிரத்து ஐந்நூறு! முதல் முறை கேட்கும்போது யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். இரண்டு மாடி கட்டினால் 3,000 சதுர அடி, ஏறக்குறைய 279 சதுர மீட்டர். கட்டட வரைவாளரின் 300 சதுர மீட்டர் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் 250 சதுர அடி சேர்த்தால் அந்த வரம்பு தாண்டிவிடும், கட்டடக் கலைஞரையோ பொறியாளரையோ தேட வேண்டும்.

இதில் இன்னொரு வெட்டும் வரலாம். பழைய பகுதிகளில் சாலை குறுகலாக இருக்கும். எதிர்காலத்தில் அதை அகலப்படுத்தத் திட்டம் இருந்தால், மன்றம் உங்கள் நிலத்தின் முன்பகுதியில் ஒரு துண்டைச் சாலைக்கு ஒதுக்கச் சொல்லும். நம்ம குடும்பத்திடம் 5 அடி கேட்டால், செட்பேக் பழைய எல்லையிலிருந்து அல்ல, புதிய கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். நீளம் 75 ஆகிவிடும், கட்டக்கூடியது 30க்கு 45. ஒரு தளத்துக்கு 150 சதுர அடி, இரண்டு தளத்துக்கு 300 சதுர அடி காணாமல் போகும். ஏறக்குறைய இரண்டு படுக்கையறை! நிலம் வாங்கும்போதே மன்றத்தில் விசாரிக்க வேண்டிய விஷயம் இது. விற்பவர் சொல்ல மாட்டார், பல நேரம் அவருக்கே தெரியாது.

இந்த இடைவெளி எல்லாம் வீணா? இல்லை. பக்கத்து வீட்டில் தீ பிடித்தால் அது உங்கள் சன்னலுக்குத் தாவாமல் இருப்பது இந்த 10 அடியால்தான். தீயணைப்பு வீரர் ஏணியோடு பின்பக்கம் போவதும், மழைநீர் உங்கள் நிலத்துக்குள்ளேயே வடிவதும், அறைக்குள் வெளிச்சம் வருவதும் அதே இடைவெளியில்தான். எல்லையை ஒட்டி ஒரு சுவரைக் கட்டிவிட்டு அதில் சன்னலும் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவது வெறும் பொறாமை அல்ல.

மக்கள் அதிகம் குழம்பும் இடங்கள் கார் போர்ச், கூரை நீட்டம், பின்பக்கச் சமையலறைக் கொட்டகை. பக்கங்கள் திறந்த போர்ச்சை முன் இடைவெளிக்குள் சில மன்றங்கள் அனுமதிக்கும். அதே போர்ச்சுக்குச் சுவர் எழுப்பி அறையாக்கினால் அது வேறு கதை. ‘கூரை மட்டும்தானே’ என்று நினைக்க வேண்டாம், கூரை எவ்வளவு நீளலாம் என்பதற்கும் அளவு உண்டு.

வரைபடம் அங்கீகாரம் பெறும் வழி

பிஎஸ்பி வரைபடத்தை மன்றத்தின் ‘ஓஎஸ்சி’ எனும் ஒரே முகப்பு மையம் வழியாகச் சமர்ப்பிக்கிறார். அங்கிருந்து அது கட்டடப் பிரிவு, பொறியியல் பிரிவு, கழிவுநீர், வடிகால் என்று தொடர்புடைய துறைகளுக்குப் போய் அவர்களின் கருத்தோடு திரும்பி வரும். இடத்தைப் பொறுத்து இதற்கு முன்பே திட்ட அனுமதியும் தேவைப்படலாம். மலாயில் அதைக் ‘கெபெனாரான் மெரான்சாங்’ என்கிறார்கள். அந்த நிலத்தில் அப்படி ஒரு கட்டடம் வரலாமா என்பது திட்ட அனுமதி. அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்பது கட்டட வரைபட அங்கீகாரம். முதலாவது கிடைத்துவிட்டது என்பதற்காக அஸ்திவாரம் தோண்டக் கூடாது.

கட்டட வரைபடத்தில் பார்ப்பது செட்பேக் மட்டுமல்ல. சீரான கட்டடத் துணைச் சட்டம் 1984, அறைகளின் குறைந்தபட்ச அளவைக்கூடச் சொல்கிறது. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. சன்னல் பரப்பு அறையின் தளப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். பெரிய சாமி அறையும் பெரிய ஹாலும் கேட்டுவிட்டு மிச்சத்தில் மூன்று படுக்கையறையை நெருக்கினால் வரைபடம் திரும்பி வருவது இதனால்தான்.

கடைசியில் முத்திரையோடு வரும் வரைபடத்தைத்தான் நம்மூரில் ‘பிளான் லுலுஸ் ஆயிடுச்சு’ என்று சொல்கிறோம். அதோடு ஒரு கடிதமும் வரும். வரைபடத்தை ஃபிரேம் போடாத குறையாகப் பத்திரப்படுத்துபவர்கள் இந்தக் கடிதத்தைப் படிப்பதில்லை. நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இன்னொன்று, இந்த அங்கீகாரத்துக்கு ஆயுள் உண்டு. 12 மாதத்துக்குள் வேலை தொடங்கவில்லை என்றால் அது காலாவதியாகும். வங்கிக் கடனுக்காகக் காத்திருந்து ஒரு வருஷத்தைக் கடத்திவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. வேலை தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பு மன்றத்துக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

2007-இல் என்ன மாறியது?

முன்பு வீடு கட்டி முடித்ததும் குடிபுகும் சான்றிதழை மன்றமே கொடுத்தது. ‘சிஎஃப்ஓ’ என்ற அந்த மூன்றெழுத்து, அப்பா அம்மா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். வீடு முடிந்து சாவியும் கையில் இருக்கும், சான்றிதழ் மட்டும் வராமல் மாதக்கணக்கில் நிற்கும்.

2007 ஏப்ரல் 12 முதல் அந்த முறை போய் ‘சிசிசி’ வந்தது, அதாவது கட்டி முடித்ததற்கும் விதிகளுக்கு இணங்கியதற்குமான சான்றிதழ். இதை மன்றம் கொடுப்பதில்லை, பிஎஸ்பி கொடுக்கிறார். ‘இந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே கட்டப்பட்டது, இதில் பாதுகாப்பாகக் குடியிருக்கலாம்’ என்று தன் பதிவையும் தொழிலையும் பணயம் வைத்து அவர் கையெழுத்திடுகிறார்.

காத்திருப்பு குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் சரிபார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது வீட்டு உரிமையாளர் என்ற நிலையும் கூடவே வந்தது. பெரிய வீடமைப்புத் திட்டத்தில் மேம்பாட்டாளர், வங்கி, நூற்றுக்கணக்கான வாங்குநர்கள் எனப் பல கண்கள் இருக்கும். ஒற்றை வீட்டில் நீங்கள், குத்தகையாளர், பிஎஸ்பி என மூன்றே பேர். ‘சார், ஒரு ரெண்டு அடி தானே’ என்று உரிமையாளரே அழுத்தம் கொடுத்தால் எதிர்த்து நிற்க வேண்டியவர் பிஎஸ்பி ஒருவர்தான். இந்த அமைப்பின் பலவீனமான முனை இது என்பது என் கருத்து.

மன்றம் முழுக்க ஒதுங்கிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அதற்கு அதிகாரம் உண்டு. விலகல் இருந்தால், சரிசெய்யும் வரை சிசிசி-யை நிறுத்தி வைக்கும்படி பிஎஸ்பி-க்கு எழுதலாம். ஆனால் ‘வரலாம்’ என்பதும் ‘வருவார்’ என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் மன்றத்தை வரவழைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் புகார்.

ஜி படிவங்கள்: வீட்டின் நாட்குறிப்பு

பிஎஸ்பி கடைசி நாளில் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. அதற்கு முன் ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. அந்த வேலையைச் செய்தவரும் அதை மேற்பார்த்த நிபுணரும் கையெழுத்திட வேண்டும். சாதாரண வீட்டுக்கு 21-உம் பொருந்தாது, மின்தூக்கி இல்லாத வீட்டுக்கு மின்தூக்கிப் படிவம் எதற்கு?

(சின்னக் குழப்பம் ஒன்று: குத்தகையாளர் ‘நான் ஜி1’ என்று சொன்னால் அது சிஐடிபி-யில் அவர் பதிந்திருக்கும் தரம். மண்வேலைக்கான ஜி1 படிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

வீடு கட்டுபவர் கட்டாயம் கவனிக்க வேண்டியவை மூன்று: ஜி2, ஜி3, ஜி4.

ஜி2 என்பது தரையில் வீட்டின் கோட்டைக் குறிப்பது. குச்சி நட்டு, நூல் கட்டி, தூண்கள் எங்கே வரும் என்று காட்டுவார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத நாள். ஆனால் செட்பேக் நிஜமாவது அன்றைக்குத்தான். ஜி3 அஸ்திவாரம். ஜி4 கட்டமைப்பு, அதாவது தூண், பீம், தளம். பிறகு குழாய், கழிவுநீர், மின்கம்பி ஆகியவற்றுக்கு ஜி5, ஜி6, ஜி7. கட்டடம் முழுமைக்கும் ஜி12. வெளித் தண்ணீர் இணைப்பு, கழிவுநீர், மின்சாரம், சாலையும் கால்வாயும் எனப் பின்னால் இன்னும் சில.

இப்போது நம்ம குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் நிலத்தின் இடப்பக்கம் பழைய வேலி ஒன்று இருக்கிறது. இருபது வருஷமாக அங்கேயே இருப்பதால் அதுதான் எல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குத்தகையாளரும் வேலியிலிருந்து 10 அடி அளந்து நூல் கட்டுகிறார். உண்மையில் வேலி ஒன்றரை அடி பக்கத்து நிலத்துக்குள் போயிருக்கிறது. அப்படியானால் சுவர் உண்மையான எல்லையிலிருந்து எட்டரை அடியில்தான் வரும்.

ஜி2-க்கு முன் உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து எல்லைக் கற்களைத் தேடிப்பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். நூலை ஒன்றரை அடி நகர்த்தினால் போதும், அரை நாள் வேலை. கல் புதைந்தோ காணாமலோ போயிருந்தாலும் அளவையாளரால் அளந்து இடத்தைக் காட்ட முடியும்.

ஜி3-க்குப் பிறகு தெரிந்தால் அஸ்திவாரத்தை உடைக்க வேண்டிவரலாம். இரண்டு மாடியும் எழும்பிய பிறகு தெரிந்தால் மூன்று வழிதான். திருத்திய வரைபடம் சமர்ப்பித்து, இடைவெளியில் தளர்வு கேட்கலாம். மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பக்கச் சுவரை இடித்துக் கட்டலாம், ஆனால் தூணும் பீமும் அந்த வரிசையில் இருந்தால் அது வெறும் சுவர் வேலை அல்ல. மூன்றாவது, பேசாமல் விட்டுவிட்டு பிஎஸ்பி கையெழுத்துப் போடுவார் என்று நம்புவது. ஒழுங்கானவர் போட மாட்டார். போட்டாலும், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் அளவையாளர் அதே ஒன்றரை அடியைக் கண்டுபிடிப்பார்.

தப்பு தானாக நடப்பது ஒரு வகை. இன்னொரு வகை, வேலை நடக்கும்போது மனசு மாறுவது. வீடு எழும்பும்போது “இங்க ஒரு சின்ன அறை போட்டா நல்லா இருக்குமே” என்று யாராவது சொல்வார்கள். குத்தகையாளரும் “செய்யலாம்க்கா, ஒண்ணும் பிரச்சன இல்ல” என்பார். அவருக்குப் பிரச்சினை இல்லைதான். கையெழுத்துப் போட வேண்டியவர் பிஎஸ்பி, சிசிசி இல்லாமல் நிற்கப்போவது நீங்கள். உள்ளே ஒரு தடுப்புச் சுவரை நகர்த்துவதுகூட அவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது. வெளிச்சுவர், படிக்கட்டு, கூரை மாறினால் திருத்திய வரைபடம் முதலில், வேலை பிறகு.

மேற்பார்வை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படிவங்களைக் கடைசியில் மொத்தமாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு நகல் வாங்கி வையுங்கள். ஜி2, ஜி3, ஜி4 மூன்றிலும் ஒரே தேதி இருந்தால், யாரோ வீடு முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அஸ்திவாரமும் மேல்தளமும் ஒரே நாளில் முடிவதில்லை.

கான்கிரீட் ஊற்றும் முன்தினம் முக்கியமான நாள். கம்பி எத்தனை, எந்தத் தடிமன், எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறியாளரோ அவர் ஆளோ அன்று பார்த்தாக வேண்டும். ஊற்றிய பிறகு பார்க்க வெறும் சாம்பல் நிறக் கட்டிதான் இருக்கும். யார் வந்தார்கள் என்று கேளுங்கள். நீங்களும் கம்பியைப் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்து. உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. பின்னால் விரிசல் வந்தால் பார்க்கிற பொறியாளருக்குப் புரியும்.

பணம் கொடுப்பதையும் இதோடு இணைக்கலாம். ‘அஸ்திவாரம் முடிந்ததும் இத்தனை’ என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்குப் பதிலாக ‘ஜி3 கையெழுத்தானதும் இத்தனை’ என்று எழுதுங்கள். குத்தகையாளர் முணுமுணுப்பார். ஆனால் படிவத்துக்காகப் பிஎஸ்பி-யைத் துரத்துவது அப்போது அவருடைய வேலையாகிவிடும், உங்களுடையதாக அல்ல. வங்கிக் கடனில் கட்டுபவர்களுக்கு இது ஓரளவு தானாகவே நடக்கும், ஏனென்றால் நிபுணர் சான்று இல்லாமல் வங்கி அடுத்த தவணையை விடுவிக்காது. கையிருப்புப் பணத்தில் கட்டுபவர்களுக்குத்தான் இந்தக் கடிவாளம் இல்லை. இபிஎஃப் பணத்தையும் நகையையும் போட்டுக் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சிசிசி இல்லாமல் குடிபுகுந்தால்?

வீடு முடிந்துவிட்டது. தேவையான ஜி படிவங்கள் எல்லாம் கையில். பிஎஸ்பி இன்னும் சில உறுதிக் கடிதங்களுக்குக் காத்திருக்கிறார். ஒற்றை வீட்டுக்குப் பொதுவாக இவை மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், சாலை-கால்வாய் சார்ந்தவை. கழிவுநீர்க் குழாய் இல்லாத பகுதியில் செப்டிக் டேங்க் விவகாரம் இங்கே வந்து நிற்கும். நல்ல நாள் ஒன்று வருகிறது, ஐயரிடம் தேதியும் வாங்கியாகிவிட்டது. பால் காய்ச்சிவிட்டு அப்படியே தங்கிவிடலாமா?

கூடாது. சிசிசி இல்லாத கட்டடத்தில் குடியிருப்பதோ குடியிருக்க விடுவதோ சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் 70-ஆவது பிரிவின்கீழ் குற்றம். அதிகபட்சத் தண்டனை 250,000 ரிங்கிட் அபராதம், 10 ஆண்டுச் சிறை அல்லது இரண்டும். ஒரு குடும்ப வீட்டுக்கு யாரும் உச்சத் தண்டனை கொடுக்கப்போவதில்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அதைவிட அன்றாடத்தில் கடிப்பது வேறு: காப்புறுதி, மறுகடன், விற்பனை என எங்கே போனாலும் முதலில் கேட்கும் காகிதம் இதுதான்.

எல்லாம் சேர்ந்ததும் பிஎஸ்பி ‘எஃப்’ படிவத்தில் சிசிசி-யை வழங்குவார். 14 நாளுக்குள் அதன் நகலை மன்றத்திலும் தன் தொழில் வாரியத்திலும் அவர் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மன்றத்துக் கோப்பில் இல்லாத சிசிசி, பத்து வருஷம் கழித்துத் தலைவலி கொடுக்கும்.

இந்தச் சான்றிதழ் எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிய வேண்டும். டைல் கோணலாக இருந்தாலும், பெயின்ட் உரிந்தாலும் சிசிசி வரும். மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டில் குறைகளைச் சரிசெய்ய 24 மாதப் பொறுப்புக் காலத்தைச் சட்டமே தருகிறது. சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. குத்தகையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று எழுதினீர்களோ அவ்வளவுதான், எழுதவில்லை என்றால் அதுவும் இல்லை. அந்தக் காலம் முடியும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பது கட்டுமானத் துறையில் வழக்கம்தான், கேட்கத் தயங்க வேண்டாம்.

முத்திரையிட்ட வரைபடம், நிபந்தனைக் கடிதம், ஜி படிவ நகல்கள், எஃப் படிவம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு நிலப்பட்டாவோடு வையுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் பின்பக்கச் சமையலறையை நீட்ட நினைக்கும்போது மன்றத்தில் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். அப்போது அவர்கள் முதலில் எடுத்து விரிப்பது இதே பழைய வரைபடத்தைத்தான். பின்னால் 10 அடி விட்டது அதில் சிவப்புக் கோடாகவோ கறுப்புக் கோடாகவோ இன்னும் அங்கேயே இருக்கும்.